மூன்று கட்டம் அகலம்

உலகச் சண்டை முடிந்து, பட்டாளத்து ஆஸ்பத்திரியை மூடிக்கொண்டு வெள்ளைக்காரர் புறப்பட்டபோது எங்கள் ஆஸ்பத்திரிக்கு இரண்டு விஷயங்களைத் தந்துவிட்டுப் போனார்கள். ஒன்று, கால் ஆடுகிற பதினாறு இரும்புக் கட்டில்கள். மற்றது, இருதயத்தை எழுதுகிற பெட்டி. கட்டில்களால் யாருக்கும் ஒரு கெடுதியும் வரவில்லை.

நான் அங்கே அற்றென்டனாக இருந்தேன். தரை கழுவுவது, கம்பளி துவைப்பது, மலச்சட்டி எடுப்பது எல்லாம் என் வேலை. மிஷன் பள்ளிக்கூடத்தில் எட்டாம் வகுப்புவரை படித்தவள், ஆங்கிலம் வாசிப்பாள் என்று யாரோ பெரிய டொக்டரிடம் சொல்லிவைக்க, பெட்டியும் அதற்குரிய இருட்டறையும் என் தலையில் வந்து விழுந்தன. சம்பளம் ஏறவில்லை. பெயரும் அற்றென்டன்தான்.

பெட்டியோடு வந்த பட்டாளத்துக்காரன் ஒருவன் இரண்டு கிழமை நின்று எனக்குப் பழக்கினான். உப்புத் தண்ணீரில் நனைத்த துணியை இரண்டு கையிலும் இடது காலிலும் சுற்றிக் கட்ட வேண்டும். அதன்மேல் தகடு, தகட்டிலிருந்து கம்பி. உள்ளே காந்தத்துக்கு நடுவில், கண்ணுக்குத் தெரியாத மெல்லிய இழை ஒன்று இருதயத்தின் மின்சாரத்துக்கு ஏற்ப அசையும். அந்த இழையின் நிழல், ஓடுகிற படத்தாளில் விழும். தாளை நான் இருட்டறைக்குக் கொண்டுபோய்க் கழுவிக் காயவிட்டால் நோயாளியின் இருதயம் மலையும் பள்ளமுமாகத் தெரியும். குறுக்கே நேரக் கோடுகளும் விழுந்திருக்கும். ஒரு கோட்டுக்கும் அடுத்த கோட்டுக்கும் இடையே உள்ள கட்டம், ஒரு செக்கனில் இருபத்தைந்தில் ஒரு பங்கு.

இருதயம் அமுக்குவதற்கு முன்னால் தாளில் ஒரு கூரான அலை எழும்பும். அதுதான் பெரிய அலை. நல்ல இருதயத்தில் அது இரண்டு கட்டத்துக்குள் எழும்பி விழுந்துவிடும். மூன்று கட்டமோ அதற்கு மேலோ அகன்றிருந்தால் உள்ளே ஒரு வழி அடைபட்டிருக்கிறது என்று அர்த்தம். அமுக்கு என்று மேலிருந்து வருகிற மின்சாரக் கட்டளை ஒரு தண்டாக இறங்கி வலது கிளை, இடது கிளை என்று இரண்டாகப் பிரிகிறது. இரண்டு கிளையிலும் அது வேகமாக ஓடுவதால் இரண்டு பக்க அறையும் ஒரே நேரத்தில் அமுக்கும். ஒரு கிளை அடைபட்டால் அந்தப் பக்கத்துக்குக் கட்டளை நேராகப் போகாது. மற்றப் பக்கத்திலிருந்து சதைக்குள்ளால் ஊர்ந்து ஊர்ந்துதான் போய்ச் சேரும். அந்தத் தாமதந்தான் தாளில் அகலமாக விழுகிறது.

எந்தக் கிளை என்பதை அலையின் உருவத்தைக் கொண்டு சொல்லலாம். இரண்டு கைக்கும் இடையில் எடுக்கிற முதலாவது தாளில் அகன்ற அலை மேல்நோக்கி நின்றால் இடது கிளை அடைபட்டது. மேலே சிறிதாக எழும்பி, பிறகு கீழே அகலமாக இழுபட்டால் வலது. பட்டாளத்துக்காரன் இதைப் படத்தோடு ஒரு தாளில் தட்டச்சு செய்து, பெட்டி மூடியின் உட்புறத்தில் ஒட்டிவிட்டுக் கப்பலேறினான்.

பெரிய டொக்டர் அந்தத் தாளை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. அவர் யாழ்ப்பாணத்து மனிதர், கெட்டிக்காரர், கை சுத்தமானவர். கொழும்பில் படித்த காலத்தில் வாங்கிய தடித்த புத்தகம் ஒன்று அவரிடம் இருந்தது. இருபது வருஷத்துக்கு மேற்பட்டது. அதில் இந்த இரண்டு அலைகளின் படமும் இருந்தது, பெயர்கள் தலைகீழாக. அது அச்சுப் பிழையில்லை. அந்தக் காலத்தில் உலகம் முழுவதும் அப்படித்தான் நம்பியது. நாயின் இருதயத்தை அறுத்துப் பார்த்து எழுதியதை மனிதனுக்கும் அப்படியே பொருத்திவிட்டார்கள். பிறகு மனித இருதயத்திலேயே பார்த்தபோது பக்கம் மாறிப்போனது தெரிந்து திருத்தினார்கள். திருத்தம் புதுப் புத்தகங்களில் ஏறியது. டொக்டரின் அலுமாரியில் இருந்த புத்தகம் பழையபடியே இருந்தது.

பழசை மட்டும் படித்திருந்தாலும் அவர் பெரிய தீங்கு செய்திருக்கமாட்டார். அந்தப் புத்தகம் எந்தப் பக்கம் அடைபட்டாலும் பயப்படு என்றுதான் சொன்னது. ஆனால் சீமையிலிருந்து தபாலில் வருகிற வைத்தியச் சஞ்சிகை ஒன்றையும் அவர் விடாமல் படித்தார். வலது கிளை அடைப்பு வேறு நோய் இல்லாதவரிடத்தில் பெரும்பாலும் பாரதூரமில்லை, இடதுதான் கவலைக்குரியது என்று அதில் எழுதியிருந்தார்கள். அது சரியான செய்தி. அவர் படத்தைப் பழசில் பார்த்தார், பலனைப் புதுசில் பார்த்தார். இரண்டும் அதனதன் அளவில் நியாயமானவை. சேர்த்துப் பிசைந்தபோது விஷமாகிவிட்டது.

முதலில் அகப்பட்டவர் ஏறாவூர் வியாபாரி ஒருவர். நல்ல திடகாத்திரமான மனிதர், ஏதோ காய்ச்சலுக்கு வந்தவர். அவருடைய அலை கீழ்நோக்கி இழுபட்டிருந்தது. மூடித் தாளின்படி அது வலது. டொக்டர் இடது என்று எழுதி, மாடியேறக் கூடாது, பாரம் தூக்கக் கூடாது, கட்டிலில் கிட என்று சொல்லிவிட்டார். நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கவில்லை.

“ஐயா, மூடியில ஒட்டியிருக்கிற தாள்ல இது வலது எண்டு கிடக்கு” என்றேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றி என்னைப் பார்த்தார். “பிள்ளை, பட்டாளத்திலை கம்பி பிடிச்சவன் ஒட்டினதைக் கொண்டுவந்து எனக்குப் படிப்பிக்கிறியோ? போய் அந்தக் கம்பளியளைத் துவை.”

நான் போய்த் துவைத்தேன். வியாபாரி கடையை மருமகனிடம் கொடுத்துவிட்டுக் கட்டிலில் கிடந்து கிடந்து பன்னிரண்டு வருஷம் வாழ்ந்தார். ஒவ்வொரு பெருநாளையும் இதுதான் கடைசி என்று சொல்லிச் சொல்லியே கொண்டாடினாராம். கடைசியில் போனதும் இருதயத்தால் அல்ல. கேட்கிறவர்கள் சிரிப்பார்கள். எனக்குச் சிரிப்பு வருவதில்லை.

இனி என் புருஷனுக்கு வருகிறேன்.

அவர் பாதைக்காரர். வாவியைக் கடக்க நாங்கள் பாதை என்று ஒன்றை வைத்திருந்தோம். இரண்டு ஓடங்களைச் சேர்த்துக் கட்டி மேலே பலகை அடித்த மிதவை. கிழக்கே எழுவான்கரையிலிருந்து மேற்கே படுவான்கரைக்கு ஆளும் மாடும் நெல்மூட்டையும் அதில்தான் போகும். நீண்ட மரக்கோலை வாவியின் அடித்தரையில் ஊன்றி, நெஞ்சைக் கொடுத்துத் தள்ளிக்கொண்டு பலகையின் நீளத்துக்கு நடப்பார்கள். பதினெட்டு வயதில் கோலைப் பிடித்தவருக்கு அப்போது நாற்பத்துமூன்று. நெஞ்சில் கோல் பதிந்த இடம் காய்த்துப்போயிருக்கும். பெருமைக்காரர். காற்று எதிர்த்து அடிக்கிற நாளில் மற்றவர்கள் கரையில் குந்தியிருந்து பார்க்க, தான் மட்டும் தள்ளிக்கொண்டு போவதில் ஒரு கிறுக்கு.

அதுவரை குத்தகைக்காரர் நடத்திவந்த பாதையைச் சண்டைக்குப் பிறகு அரசாங்கம் எடுத்துக்கொண்டது. பழைய ஆட்களை நிரந்தரமாக்குவதாகவும், டொக்டரின் சான்று இருந்தால்தான் சேர்ப்பதாகவும் கடிதம் வந்தது. சான்று இல்லாதவன் வேலையை விட்டுக் கரையேற வேண்டும். கோலைத் தவிர அவருக்கு உலகத்தில் வேறு ஒன்றும் தெரியாது. கோல் இல்லாமல் வீட்டில் குந்தியிருக்கும் அவரை எனக்கு நினைத்துப் பார்க்கவே முடியவில்லை.

அந்த வருஷத்தில்தான் அவருக்கு மூச்சு வாங்கத் தொடங்கியிருந்தது. நடு வாவியில் நின்று ஏதோ தண்ணீரைப் பார்ப்பதுபோலக் கோலில் சாய்ந்து நிற்பார். படுக்கும்போது ஒரு தலையணை போதாமல், நெல்லுச் சாக்கை மடித்து அதற்குக் கீழே வைத்துக்கொள்வார்.

“இத ஆசுபத்திரியில போய்ச் சொல்லிப் போடாத புள்ள” என்றார்.

“நான் ஏன் சொல்லப் போறன்?” என்றேன்.

நாற்பது தாண்டிச் சான்றுக்கு வருகிற எல்லோரையும் டொக்டர் பெட்டியில் போட்டுப் பார்ப்பார். அவருக்குப் பெட்டியில் அவ்வளவு ஆசை. என் புருஷனின் கையில் உப்புத் துணியைச் சுற்றியவள் நான்தான். கூச்சத்தில் நெளிந்தார். “சும்மா கிடவுங்க, அசைஞ்சா பழுதாப் போயிரும்” என்றேன். அசையாமல், கூரையைப் பார்த்துக்கொண்டு, ஒரு பிள்ளை மாதிரிக் கிடந்தார்.

இருட்டறையில் சிவப்பு வெளிச்சத்தில் தாள் மருந்துக்குள் கறுத்து வரும்போதே எனக்குத் தெரிந்துவிட்டது. முதல் தாளில் பெரிய அலை மேல்நோக்கி, உச்சி பிளந்து, கொழுத்துப்போய் நின்றது. கட்டத்தை எண்ணினேன். மூன்றையும் தாண்டி நாலாவதுக்குள் கால் வைத்திருந்தது. இடது கைக்கும் காலுக்கும் இடையில் எடுக்கிற மூன்றாவது தாளில் அதே அலை கீழ்நோக்கிக் கிடந்தது. இடது. மூடியைத் திறந்து பார்க்கத் தேவையே இருக்கவில்லை. அந்தப் படம் எனக்கு மனப்பாடம்.

தாளைக் காயவைத்துக் கொண்டுபோய்க் கொடுத்தேன். டொக்டர் பூதக்கண்ணாடியால் பார்த்தார், கவராயத்தால் அளந்தார், புத்தகத்தைப் புரட்டினார். நான் மேசைக்குப் பக்கத்தில் நின்றேன்.

“வலது கிளை” என்றார். “அகலந்தான். ஆனால் பயப்பட ஒண்டுமில்லை, பிள்ளை. இதோட கனபேர் கிழவனாகும்வரை வேலை செய்யினம். மூச்சுக் கீச்சு வாங்கிறதோ உன்ரை மனிசனுக்கு?”

“இல்லை ஐயா” என்றேன்.

அவர் கையெழுத்துப் போட்டார்.

முதல் தடவை வாயைத் திறந்து வாங்கிக் கட்டியதால்தான் அன்று பேசாமல் நின்றேன் என்று கனகாலம் எனக்கே நான் சொல்லிக்கொண்டேன். அது பொய். அவர் திட்டியதெல்லாம் எனக்கு ஒரு பொருட்டா? அன்று டொக்டரின் புத்தகம் சரியாக இருக்க வேண்டுமென்று நான் ஆசைப்பட்டேன். வியாபாரியின் விஷயத்தில் மூடித் தாளை நம்பியவள், என் புருஷன் விஷயத்தில் தடித்த புத்தகத்தை நம்ப விரும்பினேன். படித்தவர் சொல்கிறார், அற்றென்டனுக்கு என்ன தெரியும் என்று என்னை நானே ஒரு தட்டுத் தட்டி அடக்கினேன். அவ்வளவு அடக்கம் அதற்கு முன்னும் எனக்கு வந்ததில்லை, பின்னும் வந்ததில்லை.

சான்றை வாங்கிக்கொண்டு வந்த அன்று மனிதர் சந்தைக்குப் போய் எனக்கு ஒரு காத்தான்குடிச் சேலை வாங்கிவந்தார். நெசவு நல்ல நெருக்கம். கட்டிக்கொண்டு பாதையில் அக்கரைக்கு ஒரு தடவை போய்வந்தேன். அவர் தள்ளினார்.

மாரி பிறந்து, வாவி பெருகி, தண்ணீர் இழுக்கத் தொடங்கியபோது அவரால் முடியவில்லை. முதலில் பின்னேரத்தில் கால் வீங்கியது. உப்புக் காற்று என்றார். பிறகு காலையிலும் வீக்கம் வற்றாமல் நின்றது. தை பிறந்து சில நாளில், கோலை ஊன்றியவர் அதை இழுத்தெடுக்க முடியாமல் பலகையில் உட்கார்ந்துவிட்டார். பாதையில் வந்த வண்டிக்காரர்கள்தான் கோலை வாங்கித் தள்ளிக் கரை சேர்த்தார்கள். கோலை அடுத்தவன் கையில் கொடுத்ததைத்தான் அவர் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார். மூச்சு முட்டியதை அல்ல.

அதற்குள் பெரிய டொக்டர் உத்தியோகம் உயர்ந்து மாற்றலாகிப் போயிருந்தார். புதிதாக வந்தவர் இளந்தாரி. என் புருஷனைச் சாய்ந்திருக்க வைத்துக் குழாயால் கேட்டார், ஈரல் வீக்கத்தை விரலால் தட்டிப் பார்த்தார், பழைய தாளை எடுத்துவரச் சொன்னார். கொண்டுவந்தேன். யன்னல் வெளிச்சத்தில் ஒரு தடவைதான் பிடித்துப் பார்த்தார்.

“இது இடது அல்லவா? யார் வலது என்று எழுதியது?”

நான் சொன்னேன். அவர் பேனையை எடுத்து, அந்தச் சொல்லை வெட்டி மேலே சரியானதை எழுதினார். திருத்துவதற்கு ஒரு செக்கன்கூட ஆகவில்லை.

“சேர், இடது எண்டா உள்ள என்ன நடக்கும்?” என்று கேட்டேன். அலை அகலும் என்று தெரியும். மனிதர் ஏன் வீங்குகிறார் என்று தெரியாது.

அவர் நல்ல பிள்ளை, அற்றென்டன் கேட்கிறாளே என்று பார்க்கவில்லை. வராந்தாவுக்குக் கூட்டிக்கொண்டுபோய்ச் சொன்னார். “நீங்கள் இரண்டுபேர் ஈரக் கம்பளி முறுக்குவீர்கள்தானே? இரண்டுபேரும் ஒரே நேரத்தில் முறுக்கினால் தண்ணீர் கொட்டும். ஒருவர் முறுக்கும்போது மற்றவர் கையைத் தளர்த்திவிட்டு, அவர் விட்ட பிறகு முறுக்கினால்?”

“கம்பளி சும்மா கிறுகிச் சுத்தும். தண்ணி வராது.”

“அதுதான். உடம்பு முழுவதற்கும் இரத்தத்தை அனுப்புவது இடது அறை. அதற்கு ஒரு பக்கம் நடுச்சுவர், மறுபக்கம் வெளிச்சுவர். இடது கிளை அடைபட்டால் நடுச்சுவர் முதலில் சுருங்கிவிடும், வெளிச்சுவர் அப்போது தளர்ந்து கிடக்கும். வெளிச்சுவர் சுருங்கும்போது நடுச்சுவர் இளகத் தொடங்கிவிடும். ஒன்று தள்ள மற்றது விட்டுக்கொடுக்கும். இரத்தத்தில் ஒரு பங்கு வெளியே போகாமல் உள்ளுக்குள்ளேயே இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் அலைபடும். சதை பாடுபடும், ஆனால் வேலை நடக்காது. வலது கிளை என்றால் இடது அறைக்குக் கட்டளை நேரத்துக்கு வந்துவிடும், அதனால் அவ்வளவு மோசமில்லை.”

“அதுதான் அவர இப்பிடி ஆக்கினதா?”

“அது மட்டுமில்லை. சதையே முன்பே பழுதாகியிருக்கிறது. கிளை அடைபட்டது அதன் அடையாளமும்தான். பழுதான இருதயம், சேர்ந்து அமுக்கவும் முடியவில்லை, அதற்குமேல் கோல் தள்ளும் பாரம்.”

“அப்பவே இடது எண்டு சொல்லியிருந்தா?”

அவர் வாவியைப் பார்த்தார். “குணப்படுத்த முடியாதுதான். ஆனால் கோலைக் கொடுத்திருக்கமாட்டோம். வேலையை விட்டு ஆறி இருந்தால் சில வருஷம் இருந்திருப்பார்.”

சில வருஷம் என்றால் எத்தனை என்று நான் கேட்கவில்லை. இரண்டோ, ஐந்தோ. வீட்டில் குந்தி இருந்து, எனக்கு ஏசி, பக்கத்து வீட்டாருக்கு ஏசி, கரையில் போய் நின்று மற்றவன் தள்ளுவதில் குற்றம் கண்டுபிடித்து, அப்படியாவது இருந்திருப்பார். அவர் இல்லாமல் நான் இருந்த வருஷங்களோடு ஒப்பிட்டால் அது ராச வாழ்வு.

அவருக்கு இருதயத்தைத் தாங்குகிற மருந்தும், நீர் பிரிய ஊசியும் கொடுத்தார்கள். தண்ணீரை அளந்துதான் குடிக்க விட வேண்டும். வீங்கிய மனிதனுக்குத் தாகம் தீராது. சின்ன வெள்ளைக் கோப்பையால் எண்ணி எண்ணிக் கொடுத்தேன். படுவான்கரையிலிருந்து அவருடைய தங்கச்சியும் துணைக்கு வந்து கட்டில் பக்கத்தில் பாய் போட்டிருந்தாள்.

ஊசி வேலை செய்து கொஞ்சம் தெளிந்திருந்த ஒரு காலையில், நான் தண்ணீர் கொடுக்கும்போது கேட்டார். மூச்சுக்கு இரண்டு சொல்லாகத்தான் பேச்சு வந்தது.

“புது டொக்டர் வெட்டி எழுதினாராமே. பழையவர் பிழையாப் பார்த்துட்டாராமே.”

“ஓம்” என்றேன்.

“நீதானே அந்தப் படத்தக் கழுவின.”

“ஓம்.”

“உனக்குத் தெரியுமா, அது இடது எண்டு?”

தெரியாது என்று சொல்லியிருக்கலாம். ஒரு டொக்டர் பிழைவிட்ட இடத்தில் கம்பளி துவைக்கிறவளிடம் யார் கணக்குக் கேட்பார்கள்? அந்த ஒரு பொய்யைச் சொல்லத் தெரியாமல்போனது என் குணத்தில் உள்ள கேடு. பொய் சொல்ல வேண்டிய நேரத்தில் உண்மையையும், உண்மை சொல்ல வேண்டிய நேரத்தில் பொய்யையும் சொல்லிப் பழகிய வாய் இது.

“தெரியும்” என்றேன். “கோல் இல்லாட்டி நீங்க செத்துருவீங்க எண்டு நினைச்சன்.”

அவர் என்னைப் பார்த்தார். கோபித்திருந்தால் தாங்கியிருப்பேன். அடித்திருந்தாலும் சரிதான். நானும் மூச்சு வாங்குறத ஒளிச்சனான்தானே என்று அவர் சொல்லிவிடுவார் என்றுகூட ஒரு கணம் காத்திருந்தேன். அதுவும் உண்மைதானே, பழியில் பாதியை அவர் எடுத்துக்கொண்டிருக்கலாம். அவரோ கையிலிருந்த கோப்பையை, பாதி குடித்தபடியே, தங்கச்சி பக்கம் நீட்டினார்.

அதற்குப் பிறகு ஒன்பது நாள் இருந்தார். தண்ணீர் வேண்டுமென்றால் தங்கச்சியைக் கூப்பிட்டார். நான் அளந்து ஊற்றிக் கொடுத்தேன், அவள் வாங்கி அவருக்குக் கொடுத்தாள்.